வெக்டார் பேக்டெஸ்ட்டும் நிகழ்வுவழி பேக்டெஸ்ட்டும்: ஒரே உத்தியை இரண்டிலும் ஓட்டிப் பார்க்கும் முறை

பழைய விலைத் தரவில் ஓர் உத்தியை ஓட்டி நல்ல லாபக் கோடு கிடைத்து, அதை நேரடி வர்த்தகத்துக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைத்தானும் பாண்டாஸும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். இந்தப் பாதையில் நான் சிரமப்பட்டதற்குக் காரணம் நிரல் அல்ல. எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை யாரும் ஓரிடத்தில் சொல்லாததுதான். அந்த வரிசையையே இங்கே தருகிறேன்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வெக்டார் முறையில் முழு விலை வரலாறும் ஒரே அட்டவணையாக நினைவகத்தில் இருக்கும். சிக்னல் ஒரு பத்தி, வருமானம் இன்னொரு பத்தி, இரண்டையும் பெருக்கினால் விடை வந்துவிடும். நிகழ்வுவழி முறையில் கேண்டில்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒவ்வொன்று வரும்போதும் ஆர்டர் போடப்படும், நிறைவேறும் அல்லது மறுக்கப்படும், கையிருப்பு மாறும், அதன் பிறகே அடுத்த கேண்டில் வரும். நேரடிச் சந்தையும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே இரண்டாவது முறை நிஜத்துக்கு நெருக்கமாக நடந்துகொள்கிறது. ஆனால் எவ்வளவு நெருக்கம், எந்த இடத்தில் நெருக்கம் என்பதை உங்கள் உத்தியை வைத்தே நீங்கள் அளந்து பார்க்க வேண்டும்.

1. தரவையும் கட்டண விவரத்தையும் முதலில் திரட்டுங்கள்

தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, வர்த்தக அளவு ஆகிய ஐந்தும் கொண்ட தரவு வேண்டும். முடிவு விலை மட்டும் உள்ள தரவு வெக்டார் முறைக்குப் போதும். நிகழ்வுவழி முறைக்குப் போதாது. ஆர்டர்கள் நிறைவேறுவது பெரும்பாலும் தொடக்க விலையிலும், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட விலைகளிலும்தான். அத்துடன் உங்கள் புரோக்கரின் கட்டண விவரம் எழுத்தில் இருக்க வேண்டும்: வாங்கும்போது எவ்வளவு, விற்கும்போது எவ்வளவு, குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, வரிகள் எதன் மீது கணக்கிடப்படுகின்றன என்பவை. உத்தேசமாக ஒரு சதவீதத்தைப் போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள்.

நேர முத்திரையில் ஒரு பொறி இருக்கிறது. நிமிடத் தரவை மணிக்கணக்காகச் சுருக்கும்போது பாண்டாஸின் `resample`, இயல்பாக அந்த மணியின் தொடக்க நேரத்தையே கேண்டிலின் பெயராக இடும். 10:00 என்று முத்திரையிட்ட கேண்டிலின் முடிவு விலை உண்மையில் 11:00 மணிக்குத்தான் தெரியவரும். அதை 10:00 மணி நிமிடத் தரவுடன் சேர்த்தால் ஒரு மணி நேர எதிர்காலம் உங்கள் உத்திக்குள் நுழைந்துவிடும். இதைத் தவிர்க்க `label="right"` என்று குறிப்பிட்டு, கேண்டில் முழுமையடைந்த நேரத்தையே முத்திரையாக வையுங்கள்.

2. வெக்டார் வடிவத்தை எழுதி, அது எதை அனுமானிக்கிறது என்று பாருங்கள்

எடுத்துக்காட்டுக்கு எளிய உத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முடிவு விலை 20 நாள் சராசரிக்கு மேல் இருந்தால் முழுப் பணத்துக்கும் வாங்கி வைத்திருக்க வேண்டும். கீழே வந்தால் விற்றுவிட வேண்டும்.

```python
signal = (df["close"] > df["close"].rolling(20).mean()).astype(int)
ret = df["close"].pct_change()
pos = signal.shift(1).fillna(0)
equity = (1 + pos * ret.fillna(0)).cumprod()
```

நான்கு வரிகளில் வேலை முடிந்தது. `shift(1)` இல்லாவிட்டால், இன்று மாலை தெரியும் முடிவு விலையை வைத்து இன்று முழுவதும் கிடைத்த லாபத்தை எடுத்துக்கொண்டது போலாகிவிடும். இந்த எச்சரிக்கையைப் பலரும் சொல்வார்கள். சொல்லப்படாமல் விடப்படுவது அடுத்த செய்திதான்: `shift(1)` போட்ட பிறகும் ஓர் அனுமானம் மிச்சமிருக்கிறது. இன்றைய முடிவு விலையை வைத்து முடிவெடுத்து, அதே முடிவு விலையில் வாங்கியதாகவே இந்த நிரல் கணக்கிடுகிறது; நாளைய வருமானம் இன்றைய முடிவு விலையிலிருந்துதானே அளக்கப்படுகிறது? அந்த விலை தெரியும் நொடியில் சந்தை மூடிவிட்டது. நடைமுறையில் நீங்கள் அடுத்த நாள் தொடக்க விலையில்தான் வாங்க முடியும்.

இதை வெக்டார் முறையிலேயே ஓரளவு சரிசெய்யலாம். முடிவிலிருந்து முடிவு வரையிலான வருமானத்துக்குப் பதிலாக, தொடக்கத்திலிருந்து தொடக்கம் வரையிலான வருமானத்தை எடுத்துக்கொண்டால் போதும்:

```python
ret = df["open"].pct_change().shift(-1)
```

இங்கே `shift(-1)` வருவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது சிக்னலில் வந்தால்தான் தவறு. வாங்கியபின் கிடைத்த வருமானத்தைக் கணக்கில் எழுதுவதற்கு வருவது சரியே. ஆனால் கையிருப்புப் பணம், முழு எண்ணிக்கையில் பங்குகள், ஸ்டாப் லாஸ், நிறைவேறாத ஆர்டர் ஆகியவற்றை இப்படி ஒவ்வொரு வரியாக ஒட்டவைக்க முயன்றால் நிரல் விரைவில் சிக்கலாகிவிடும். இவை ஒவ்வொன்றும் முந்தைய கேண்டிலில் என்ன நடந்தது என்பதைச் சார்ந்தவை. பத்தியைப் பத்தியால் பெருக்கும் முறையில் அந்தச் சார்புக்கு இடமில்லை.

3. நிகழ்வுவழிச் சுழற்சியைச் சரியான வரிசையில் அமையுங்கள்

நான்கு பகுதிகள் தேவை. கேண்டில்களை ஒவ்வொன்றாகத் தரும் தரவுப் பகுதி, முடிவெடுக்கும் உத்தி, பணத்தையும் பங்குகளையும் கணக்கு வைக்கும் போர்ட்ஃபோலியோ, ஆர்டரை வாங்கிக்கொண்டு எந்த விலையில் நிறைவேறியது என்று சொல்லும் போலி புரோக்கர். முழு வடிவமைப்பும் அடங்கியிருப்பது இந்தச் சில வரிகளில்தான்:

```python
for bar in feed:
    for fill in broker.match(bar):
        portfolio.apply(fill)
        strategy.on_fill(fill, broker)
    portfolio.mark(bar.close)
    strategy.on_bar(bar, portfolio, broker)
```

வரிசையைக் கவனியுங்கள். புதிய கேண்டில் வந்ததும், முதலில் நேற்று நிலுவையில் இருந்த ஆர்டர்களைப் புரோக்கர் அந்தக் கேண்டிலுடன் பொருத்திப் பார்க்கிறார். அதன் பின் போர்ட்ஃபோலியோ முடிவு விலையில் மதிப்பிடப்படுகிறது. உத்தி அந்தக் கேண்டிலைப் பார்ப்பது கடைசியில்தான்; அது போடும் ஆர்டர் அடுத்த கேண்டிலுக்காகக் காத்திருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, உத்தியை முதலில் அழைத்து அதே கேண்டிலில் ஆர்டரை நிறைவேற்றினால், நிரல் பார்வைக்கு நிகழ்வுவழி போலவே இருக்கும். ஆனால் `shift(1)` இல்லாத வெக்டார் நிரல் செய்யும் அதே தவற்றைச் செய்யும். நிகழ்வுவழி என்ற வடிவம் தானாக யாரையும் காப்பாற்றாது, வரிசைதான் காப்பாற்றும்.

`match` என்பதை `yield` கொண்டு எழுதுங்கள். வாங்கும் ஆர்டர் தொடக்க விலையில் நிறைவேறியதும் `on_fill` வழியாக உத்தி உடனே ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போடும். அன்றைய தாழ்வு அந்த ஸ்டாப்பைத் தொட்டிருந்தால், அதே நாளிலேயே அது நிறைவேற வேண்டும். தொடக்க விலைதான் கேண்டிலின் முதல் விலை என்பதால், தாழ்வு அதற்குப் பின்னரே வந்திருக்கும். ஆகவே இதில் எதிர்காலக் கசிவு எதுவும் இல்லை. ஸ்டாப்பை மறுநாளிலிருந்து மட்டும் செயல்படவிட்டால், வாங்கிய அன்றே அடிபடும் நட்டங்கள் அனைத்தும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

ஸ்டாப் நிறைவேறும் விலையை இப்படி எழுத வேண்டும்:

```python
def sell_stop_price(stop, bar):
    if bar.open <= stop:
        return bar.open
    if bar.low <= stop:
        return stop
    return None
```

முதல் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். அது என்ன செய்கிறது என்பதை ஐந்தாம் படியில் எண்களுடன் காண்போம்.

4. இரண்டையும் முதலில் ஒரே விடைக்குக் கொண்டுவாருங்கள்

பலர் தாவிவிடும் படி இது. நிகழ்வுவழி நிரலை எழுதியவுடன் அது குறைந்த லாபத்தைக் காட்டினால், ‘நிஜம் இப்படித்தான்’ என்று ஏற்றுக்கொள்ளத் தோன்றும். அந்தக் குறைவு நிஜத்தால் வந்ததா, உங்கள் நிரலில் உள்ள பிழையால் வந்ததா என்பது அப்போது தெரியாது.

ஆகவே போலி புரோக்கரில் ஒரு சோதனை நிலையை வையுங்கள். அந்த நிலையில் ஆர்டர் போட்ட அதே முடிவு விலையில் அது நிறைவேற வேண்டும்; கட்டணம் கூடாது; பங்கின் பின்னங்களையும் வாங்கலாம்; ஸ்டாப் லாஸ் கிடையாது. இவை அனைத்தும் நிஜத்துக்குப் புறம்பானவை என்பது உண்மைதான், ஆனால் வெக்டார் நிரல் அனுமானிப்பதும் இவற்றைத்தான். இந்த நிலையில், தொடக்க மூலதனத்தை இரண்டிலும் 1 என்று வைத்தால், இரு முறைகளின் மூலதனக் கோடுகளும் ஒவ்வொரு நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும்:

```python
assert np.allclose(eq_vector, eq_event, rtol=1e-9)
```

பொருந்தாவிட்டால், முதன்முதலில் வேறுபடும் நாளைக் கண்டுபிடித்து, அந்த நாளின் ஆர்டரையும் கையிருப்பையும் அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிக்னல் ஒரு நாள் தள்ளியிருக்கும், அல்லது முதல் 19 நாட்களின் வெற்று மதிப்புகள் வேறுவிதமாகக் கையாளப்பட்டிருக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். உங்கள் உத்தி முழுப் பணத்தையும் போடாமல் பாதியை மட்டும் போட்டாலோ, ஷார்ட் செய்தாலோ, பிழை எதுவும் இல்லாமலேயே இரண்டு கோடுகளும் பிரியும். `0.5 * ret` என்று தினமும் பெருக்குவது, ஒவ்வொரு நாளும் மூலதனத்தின் சரிபாதிக்குப் பங்குகளை விற்றும் வாங்கியும் சமப்படுத்துவதற்கு ஒப்பாகும். வெக்டார் நிரல் அந்தத் தினசரி வர்த்தகத்தைச் சொல்லாமல், செலவும் எழுதாமல் செய்துவிடுகிறது. நிகழ்வுவழி நிரலில் நீங்கள் ஆர்டர் போடாமல் பங்குகளின் எண்ணிக்கை மாறாது.

5. நிஜத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

இப்போது சோதனை நிலையை விலக்கி, நிபந்தனைகளை ஒரே நேரத்தில் ஒன்று மட்டும் சேருங்கள். ஒவ்வொன்றைச் சேர்த்த பிறகும் விடையை எழுதி வையுங்கள். ஒரே ஒரு வர்த்தகத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை.

முதல் நாள் முடிவு விலை 100. சராசரிக்கு மேல் வந்ததால் வாங்கும் சிக்னல் பிறக்கிறது. இரண்டாம் நாள் சந்தை 103இல் திறந்து, 102 வரை இறங்கி, 104இல் முடிகிறது. மூன்றாம் நாள் 104இல் திறந்து, 101 வரை இறங்கி, 102இல் முடிகிறது. நான்காம் நாள் 96இல் திறந்து, 95இல் முடிகிறது. மூலதனம் 1,00,000. வாங்கிய விலைக்கு 3 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ். கட்டணம் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம்.

வெக்டார் முறையில் 100க்கு வாங்கியதாகக் கணக்கு. அதாவது 1,000 பங்குகள். ஸ்டாப் 97இல் நிற்கிறது. வழக்கமாக வெக்டார் நிரல்களில் ஸ்டாப்பை, வர்த்தகத்தின் நட்டத்தை 3 சதவீதத்தில் வெட்டிவிடுவதன் மூலம் சேர்ப்பார்கள். எனவே நட்டம் 3,000. கட்டணத்தையும் சேர்த்தால் 100 + 97 = 197 கூடி, மொத்தம் 3,197.

நிகழ்வுவழி முறையில், முதல் நாள் மாலை போட்ட ஆர்டர் இரண்டாம் நாள் 103இல் நிறைவேறப் போகிறது. 1,000 பங்குகளுக்கு 1,03,000 வேண்டும். அவ்வளவு பணம் இல்லை. அசல் புரோக்கர் அந்த ஆர்டரை மறுத்துவிடவும் கூடும். பணத்துக்கேற்ப எண்ணிக்கையைக் குறைத்தால் 970 பங்குகள் என்று தோன்றும்: 970 × 103 = 99,910. ஆனால் கட்டணம் 99.91ஐச் சேர்த்தால் 1,00,009.91 ஆகிறது, மீண்டும் பணம் போதவில்லை. 969 பங்குகள்தான் வாங்க முடியும். ஒரு பங்கின் வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். 970 என்று அனுப்பும் நிரல், நேரடிச் சந்தையில் ஒரு பங்கைக் கூட வாங்காமல் நின்றுவிடலாம்.

ஸ்டாப் விலை 103 × 0.97 = 99.91. மூன்றாம் நாள் தாழ்வு 101 என்பதால் தொடவில்லை. நான்காம் நாள் சந்தை 96இலேயே திறக்கிறது. 99.91 என்ற விலையில் அன்று யாரும் வர்த்தகம் செய்யவில்லை. எனவே ஸ்டாப் ஆர்டர் 96இல் நிறைவேறுகிறது. மேலே எழுதிய நிரலின் முதல் நிபந்தனை இதற்காகத்தான். பங்கொன்றுக்கு 7 வீதம் 969 பங்குகளுக்கு 6,783. இரு பக்கக் கட்டணம் 99.81 + 93.02 = 192.83. மொத்த நட்டம் 6,975.83.

ஒரே சிக்னல், ஒரே விலைகள், ஒரே கட்டண விகிதம். ஒன்றில் 3,197, மற்றொன்றில் 6,975.83. வித்தியாசத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கட்டணத்தால் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. வாங்கிய விலை 3 கூடியதும், விற்ற விலை 1 குறைந்ததுமே காரணம். புதிதாக வருபவர்கள் வெக்டார் நிரலில் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டு ‘நிஜத்தையும் சேர்த்துவிட்டேன்’ என்று நினைப்பது ஏன் போதாது என்பது இந்த ஒரு வர்த்தகத்திலேயே தெரிகிறது. விலை மேல்நோக்கிப் பாயும்போது வாங்கும் உத்திகளில், சிக்னல் வந்த மறுநாள் தொடக்க விலையும் மேலே நகர்ந்திருக்க வாய்ப்பு கூடுதல். அந்த வகை உத்திகளுக்கு இந்த ஒரு நிபந்தனையே லாபத்தைப் பெருமளவு தின்றுவிடக் கூடும்.

இறுதியாக வர்த்தக அளவின் வரம்பைச் சேருங்கள்: ஒரு கேண்டிலில் நடந்த மொத்த வர்த்தகத்தில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் உங்கள் ஆர்டர் நிறைவேறக் கூடாது, மீதி அடுத்த கேண்டிலுக்குப் போக வேண்டும்.

6. எதிர்காலம் கசிகிறதா என்று வெட்டிப் பாருங்கள்

நிகழ்வுவழி நிரலிலும் கசிவுக்கு வழியிருக்கிறது. முழு அட்டவணையையும் உத்தியிடம் கொடுத்துவிட்டாலோ, சுழற்சி தொடங்கும் முன்பே முழுத் தரவின் சராசரியால் விலைகளைச் சீராக்கிவிட்டாலோ, கேண்டில்கள் ஒவ்வொன்றாக வருவது வெறும் சடங்காகிவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. முழுத் தரவிலும் ஒருமுறை ஓட்டி, ஆர்டர்களின் பட்டியலைச் சேமியுங்கள். பின்னர் தரவை இடையில் ஏதோ ஒரு நாளில் வெட்டி, மூலத் தரவிலிருந்தே தொடங்கி மீண்டும் ஓட்டுங்கள். வெட்டிய நாள் வரையிலான ஆர்டர்கள் இரண்டு பட்டியல்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஆர்டர் மாறினாலும், அது வெட்டிய நாளுக்குப் பிந்தைய தரவைப் பார்த்திருக்கிறது என்று பொருள். வெவ்வேறு நாட்களில் பலமுறை வெட்டிப் பாருங்கள். இதே சோதனையை வெக்டார் நிரலின் சிக்னல் பத்திக்கும் செய்யலாம், செய்யத்தான் வேண்டும்.

7. எவ்வளவு நேரம் பிடிக்கும், எதை எப்போது ஓட்டுவது

நாள் கேண்டில்களில் ஒரு பங்குக்குப் பத்தாண்டுகளில் சுமார் 2,500 நிகழ்வுகள்தான். நிகழ்வுவழி நிரலுக்கு இது ஒரு சுமையே இல்லை. நிமிடத் தரவில் நிலைமை வேறு. நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாட்கள் என்று வைத்தால், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 90,000 கேண்டில்கள்; 500 பங்குகளுக்குப் பத்தாண்டுகளில் 45 கோடி. பைத்தான் சுழற்சி இவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கடக்க நெடுநேரம் எடுக்கும். அதில் நூறு அளவுரு மதிப்புகளைச் சோதிக்க நினைத்தால் அந்த நேரம் நூறு மடங்காகும்.

ஆகவே வெக்டார் முறையைத் தூக்கி எறிய வேண்டாம். எந்தக் கருத்தில் ஏதாவது இருக்கிறது, எதில் இல்லை என்று சலித்துப் பார்க்க அதுவே ஏற்றது. தொடக்க விலை வருமானத்துடன், நேர்மையான கட்டணத்துடன் ஓட்டியும் தேறாத உத்தியை நிகழ்வுவழியில் எழுதி நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. தேறிய இரண்டு மூன்றை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்டாப் லாஸும், மூலதனத்துக்கேற்ப மாறும் அளவும், ஒன்றையொன்று போட்டியிடும் பல பங்குகளும் உள்ள உத்தியானால், தொடக்கத்திலேயே நிகழ்வுவழியில் எழுதுவதுதான் சிக்கனம்.

8. நேரடி வர்த்தகத்துக்கு மாற்றும்போது

உத்தியின் நிரலில் ஒரு வரியும் மாறாமல், தரவுப் பகுதியையும் போலி புரோக்கரையும் மட்டும் அசலானவற்றால் மாற்ற முடிய வேண்டும். உத்திக்குள் ‘நேரடி என்றால் இப்படி, சோதனை என்றால் அப்படி’ என்று ஒரு நிபந்தனை வந்துவிட்டால், நீங்கள் சோதித்தது ஒன்று, ஓட்டுவது வேறொன்று.

இங்கே புதிதாகத் தலைகாட்டும் சிக்கல் நிலுவை ஆர்டர். அசல் சந்தையில் ஆர்டர் அனுப்புவதற்கும் நிறைவேறியதாகச் செய்தி வருவதற்கும் இடையில் நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு கேண்டில் வந்தால், கையிருப்பு பூஜ்யமாகவே தெரிவதால் உத்தி இரண்டாவது முறையும் வாங்கச் சொல்லும். எனவே உத்தி கையிருப்பை மட்டும் பார்க்காமல், கையிருப்பையும் நிலுவை ஆர்டர்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இதைச் சோதனையிலேயே பிடிக்க, போலி புரோக்கர் நிறைவேற்றச் செய்தியை ஒன்றிரண்டு கேண்டில்கள் தாமதமாகத் தரும்படி ஒரு வசதி வையுங்கள். வெக்டார் நிரலில் நிலுவை என்ற நிலையே கிடையாது என்பதால், அங்கே இந்தப் பிழையைக் காணவே முடியாது.

நிகழ்வுவழி முறைக்கும் எல்லை உண்டு. ஒரே கேண்டிலில் ஸ்டாப்பும் லாப இலக்கும் தொடப்பட்டிருந்தால், எது முதலில் நடந்தது என்பதை நான்கு விலைகளை வைத்துச் சொல்ல முடியாது. அப்போது ஸ்டாப் முதலில் அடிபட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த நாளுக்கு மட்டும் நிமிடத் தரவைப் பாருங்கள். லிமிட் ஆர்டர் விலையைச் சந்தை தொட்டுவிட்டுத் திரும்பினால், வரிசையில் உங்களுக்கு முன் இருந்தவர்களோடு அது நின்றுவிட்டிருக்கலாம். விலை அதைக் கடந்து சென்றால் மட்டுமே நிறைவேறியதாக எழுதுங்கள். உங்கள் ஆர்டரே விலையை நகர்த்துவதைப் பழைய தரவு காட்டாது.

தொடக்கத்தில் குறைந்த எண்ணிக்கையில் நேரடியாக ஓட்டி, சிக்னல் நேரம், அப்போதைய விலை, ஆர்டர் அனுப்பிய நேரம், நிறைவேறிய விலை, எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வோர் ஆர்டருக்கும் பதிவு செய்யுங்கள். அதே நாட்களின் தரவைப் பிறகு போலி புரோக்கரில் ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் அருகருகே வையுங்கள். ஆர்டர்களே வேறுபட்டால் தரவிலோ நிரலிலோ பிழை. அதைத் தீர்க்கும்வரை அளவைக் கூட்டாதீர்கள். ஆர்டர்கள் ஒன்றாக இருந்து விலைகள் மட்டும் வேறுபட்டால், அந்த வேறுபாடுதான் உங்கள் ஸ்லிப்பேஜ். அதன் சராசரியையும், மோசமான நாட்களில் அது எவ்வளவு விரிகிறது என்பதையும் எடுத்துப் போலி புரோக்கருக்குள் இட்டு, முழு வரலாற்றையும் மீண்டும் ஒருமுறை ஓட்டுங்கள்.